பெல்டியர் தகடு எத்தனை வாட் குளிரூட்டும்? ஒரு சிறு பெட்டியை வைத்துக் கணக்குப் போடுவோம்

பெல்டியர் தகடு வாங்கியவர்கள் பலருக்கும் முதல் அனுபவம் ஒரே மாதிரிதான் அமைகிறது. 12 வோல்ட் சப்ளையில் இணைத்ததும் ஒரு பக்கம் சில்லென்று ஆகிறது. தொட்டுப் பார்த்து வீட்டிலுள்ளவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் குளிர் போய்விடுகிறது. இரண்டு நிமிடத்தில் 'குளிர்ந்த' பக்கமே வெதுவெதுப்பாகிவிடும். எனக்கும் அப்படித்தான் நடந்தது. தகடு பழுது என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். அதுவும் அதையேதான் செய்தது.

தகட்டில் பழுது இல்லை. அதற்குள் மூன்று வெப்ப ஓட்டங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. ஒன்று நமக்கு வேண்டியது, மற்ற இரண்டும் அதைத் தின்பவை. மிச்சமிருப்பதுதான் குளிரூட்டும் திறன். அந்த மிச்சத்தை வாங்குவதற்கு முன்பே ஒரு தாளில் கணக்கிட்டுவிடலாம். கடையில் எளிதாகக் கிடைக்கும் TEC1-12706 தகட்டை எடுத்துக்கொண்டு, ஒரு சிறு தெர்மோகோல் பெட்டியைக் குளிர்விப்பதுவரை போய்ப் பார்ப்போம்.

முதலில், தகட்டுக்குள் நடப்பது

4 செ.மீ. சதுரத்தில் இரண்டு வெள்ளைப் பீங்கான் தகடுகள். நடுவில் பிஸ்மத் டெலுரைடால் ஆன குட்டிக் கட்டைகள், இரண்டிரண்டாக 127 ஜோடி. பெயரிலுள்ள 127 இதைத்தான் சொல்கிறது. கடைசி 06 என்பது 6 ஆம்பியர் வகை. மின்சாரம் இந்தக் கட்டைகள் எல்லாவற்றின் வழியாகவும் வரிசையாக ஓடுகிறது. வெப்பமோ எல்லாக் கட்டைகளின் வழியாகவும் ஒரே நேரத்தில், ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்குப் போகிறது.

மின்னோட்டம் கட்டைகளின் முனையைக் கடக்கும்போது ஒரு பக்கத்தில் வெப்பத்தை உறிஞ்சி மறுபக்கத்தில் விடுகிறது. 1834இல் பெல்டியர் கண்டது இது. உறிஞ்சும் வெப்பம் மின்னோட்டத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். குளிர்ந்த பக்கத்தின் தனிவெப்பநிலைக்கும் அப்படியே. இதுதான் நமது வருமானம்.

முதல் செலவு, கட்டைகளின் மின்தடை. மின்சாரம் ஓடினால் அவை சூடாகும், இஸ்திரிப் பெட்டிக் கம்பி மாதிரி. இந்தச் சூடு கட்டையின் நீளம் முழுக்கச் சீராகப் பிறப்பதால், பாதி சூடான பக்கம் போகிறது, பாதி குளிர்ந்த பக்கமே திரும்பி வருகிறது. சூத்திரத்தில் வரும் அரை அதுதான். இது மின்னோட்டத்தின் வர்க்கத்தில் வளர்கிறது என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் இந்த வர்க்கம்தான்.

இரண்டாவது செலவு, திரும்பிக் கசியும் வெப்பம். இரண்டு தட்டுகளுக்கும் நடுவே இருப்பது ஓரிரு மில்லிமீட்டர் உயரக் கட்டைகள் மட்டுமே. சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு அவற்றின் வழியே வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். இதற்கு மின்னோட்டத்தோடு சம்பந்தமில்லை. இரண்டு பக்கங்களுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடுதான் கணக்கு. சுவிட்சை அணைத்தாலும் இது நிற்காது.

மூன்றையும் ஒரே வரியில் எழுதினால்:

```
Qc = S*Tc*I - (1/2)*I*I*R - K*(Th - Tc)
```

Qc குளிர்ந்த பக்கம் இழுக்கும் வெப்பம், வாட்டில். Th, Tc இரண்டும் சூடான, குளிர்ந்த பக்கங்களின் வெப்பநிலை. அவற்றைக் கெல்வினில்தான் போட வேண்டும். டிகிரி செல்சியஸோடு 273 கூட்டினால் போதும். I மின்னோட்டம். S, R, K மூன்றும் அந்தத் தகட்டுக்கே உரிய எண்கள்: முறையே பெல்டியர் விளைவின் வலு, மின்தடை, வெப்பக் கடத்தல்.

முதலில் சொன்ன இரண்டு நிமிட மாயத்தை இந்த வரியே விளக்கிவிடுகிறது. இணைத்த நொடியில் Th, Tc இரண்டும் ஒன்று, ஆகவே மூன்றாவது உறுப்பு பூஜ்யம். குளிர் தூள் பறக்கிறது. கொஞ்ச நேரத்தில் சூடான பக்கம் ஏறுகிறது, மூன்றாவது உறுப்பு வளர்ந்து வருமானத்தை விழுங்கிவிடுகிறது.

S, R, K எங்கே கிடைக்கும்?

டேட்டாஷீட்டில் இந்த மூன்றையும் நேராகப் போட்டிருக்க மாட்டார்கள். அதிகபட்ச மின்னோட்டம், அதிகபட்ச வோல்டேஜ், அதிகபட்ச வெப்பநிலை வேறுபாடு என்று வேறு மூன்று இருக்கும். அவற்றிலிருந்து நமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

இந்தத் தகட்டின் டேட்டாஷீட்டில் சூடான பக்கம் 25 டிகிரி, 50 டிகிரி என இரண்டு பத்திகள் இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு 25 டிகிரிப் பத்தியால் பயனில்லை. சூடான பக்கத்து வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும் ஹீட்சிங்க் அந்த அளவுக்குக் குளிர்ந்து இருக்கவே இருக்காது. 50 டிகிரிப் பத்தியில் 6.4 ஆம்பியர், 16.4 வோல்ட், 75 டிகிரி வேறுபாடு என்று இருக்கும்.

```
S = Vmax / Th = 16.4 / 323 = 0.0508
R = Vmax*(Th - dTmax) / (Imax*Th) = 16.4*248 / (6.4*323) = 1.97
K = Imax*Vmax*(Th - dTmax) / (2*Th*dTmax) = 0.537
```

S-க்கு அலகு வோல்ட்/கெல்வின், R-க்கு ஓம், K-க்கு வாட்/கெல்வின்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டேட்டாஷீட்டில் நான்காவதாக ஒரு எண்ணும் உண்டு: வேறுபாடு பூஜ்யமாக இருக்கும்போது அதிகபட்சக் குளிரூட்டல் 57 வாட். நம் மூன்று எண்களை வைத்து அதே நிலைக்குக் கணக்கிட்டால் 65 வாட் வருகிறது. மூன்று எண்களைப் பொருத்தி எடுத்த சூத்திரம் நான்காவதோடு முழுக்கப் பொருந்துவதில்லை. நிஜத்தில் S, R, K மூன்றும் வெப்பநிலையோடு மாறுகின்றன. பீங்கானும் பற்றாசும் தம் பங்குக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே இந்தக் கணக்கு எட்டில் ஒரு பங்கு வரை தாராளமாகச் சொல்லக்கூடும் என்று வைத்துக்கொண்டு, வடிவமைக்கும்போது அந்த அளவுக்கு இடம் விடுங்கள்.

இன்னொன்று. R-ஐச் சரிபார்க்கிறேன் என்று சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பார்க்காதீர்கள். கையில் பிடித்த சூட்டிலேயே தகடு ஒரு சிறு வோல்டேஜை உண்டாக்கும், மீட்டர் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். கம்பிகளை மாற்றி வைத்தால் வேறு எண் வரும். மாறுமின்னோட்டத்தில் அளக்கும் எல்.சி.ஆர். மீட்டர் இருந்தால் மட்டுமே அந்த அளவுக்கு மதிப்பு உண்டு.

பெட்டிக்கு எத்தனை வாட் வேண்டும்?

தகட்டின் திறனைப் பார்ப்பதற்கு முன் தேவையைக் கணக்கிட வேண்டும். பலரும் இதை விட்டுவிட்டு நேராகத் தகடு வாங்கப் போய்விடுகிறார்கள்.

உள்ளளவு ஒவ்வொரு பக்கமும் 20 செ.மீ. உள்ள தெர்மோகோல் பெட்டி, சுவர்கள் 3 செ.மீ. கனம். சாக்லேட்டோ விதையோ வைக்க, உள்ளே 15 டிகிரி வேண்டும். வெளியே அறை 32 டிகிரி. தெர்மோகோலின் வெப்பக் கடத்தல் ஏறக்குறைய 0.035 வாட்/மீட்டர்-கெல்வின். உள்பரப்புக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவாக 0.3 சதுர மீட்டர் என்று எடுத்தால், சுவர் வழியே ஒரு டிகிரிக்கு 0.35 வாட் கசியும். 17 டிகிரி வேறுபாட்டுக்கு 6 வாட். உள்ளே காற்றைச் சுழற்றும் சிறு ஃபேன் ஒன்றரை வாட். அது முழுக்க வெப்பமாகத்தான் முடியும். மூடி இடுக்குக்கு அரை வாட் சேர்த்தால், மொத்தம் 8 வாட்.

உள்ளே 15 டிகிரி என்றால் தகட்டின் குளிர்ந்த பக்கம் 15 டிகிரியில் இருந்தால் போதாது. உள்ஹீட்சிங்க் ஒரு வாட்டுக்கு 0.6 டிகிரி 'சுங்கம்' வாங்கும் என்று வைத்தால், 8 வாட்டுக்கு 5 டிகிரி போகும். தகட்டின் குளிர்ந்த முகம் 10 டிகிரியில் இருக்க வேண்டும். அதாவது Tc = 283.

ஆக நம் கேள்வி இதுதான்: குளிர்ந்த முகம் 10 டிகிரியில் இருக்கும்போது இந்தத் தகடு 8 வாட் இழுக்குமா, அதற்கு எவ்வளவு மின்சாரம் கேட்கும்?

முதல் சுற்றுக் கணக்கு

சூடான பக்கம் 50 டிகிரியில் நின்றுவிட்டதாகத் தற்காலிகமாக வைத்துக்கொள்வோம். வேறுபாடு 40. திரும்பிக் கசிவது 0.537 × 40 = 21.5 வாட். இது நிலையான வாடகை மாதிரி. ஒரு சொட்டுக் குளிர் கிடைப்பதற்கு முன் இதைக் கட்டியாக வேண்டும்.

வருமானம் ஒரு ஆம்பியருக்கு 0.0508 × 283 = 14.4 வாட். 1 ஆம்பியர் கொடுத்தால் 14.4 வரவு, 1 வாட் மின்சூடு, 21.5 வாடகை. மிச்சம் மைனஸ் 8. அதாவது மின்சாரம் கொடுத்தும் வெப்பம் பெட்டிக்குள்தான் போகிறது. 2 ஆம்பியரில் 28.8 வரவு, 4 சூடு, 21.5 வாடகை போக 3 வாட் மிஞ்சுகிறது. 3 ஆம்பியரில் 13 வாட். 4 ஆம்பியரில் 20 வாட். 6 ஆம்பியரில் 86 வரவு வந்தாலும் 35.5 சூட்டுக்கே போய்விடுகிறது, மிச்சம் 29.

நாலிலிருந்து ஆறுக்கு, மின்னோட்டம் பாதி மடங்கு கூடியிருக்கிறது. கிடைத்தது 9 வாட் அதிகம். செலவைப் பாருங்கள்.

```
V = S*(Th - Tc) + I*R
P = V * I
```

4 ஆம்பியரில் தகடு 9.9 வோல்ட் கேட்கும், 40 வாட் இழுக்கும். 6 ஆம்பியரில் 13.9 வோல்ட், 83 வாட். 9 வாட் குளிருக்காக 43 வாட் மின்சாரம். கடைகளில் இந்தத் தகட்டுக்கு '60 வாட்', '72 வாட்' என்று எழுதியிருப்பார்களே, அது குளிரின் அளவே இல்லை. 12 வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய மின்செலவு.

சூடான பக்கம் நாம் சொன்ன இடத்தில் நிற்காது

மேலே 50 டிகிரி என்று வைத்தது வசதிக்காக. நிஜத்தில் பெட்டியிலிருந்து இழுத்த வெப்பம், கொடுத்த மின்சாரம் இரண்டும் சேர்ந்து சூடான பக்கம் வந்து கொட்டும். 4 ஆம்பியரில் 20 + 40 = 60 வாட். இதை வெளி ஹீட்சிங்க் காற்றுக்குக் கொடுத்தாக வேண்டும்.

கணினி பிராசசருக்குப் போடும் நல்ல ஃபேன் வைத்த ஹீட்சிங்க் ஒன்று, ஒரு வாட்டுக்கு 0.3 டிகிரி ஏறும் என்று வைப்போம். 60 வாட்டுக்கு 18 டிகிரி. 32 + 18 = 50. நம் ஊகம் 4 ஆம்பியருக்குத் தற்செயலாகச் சரியாக இருந்திருக்கிறது. மற்ற மின்னோட்டங்களுக்கு அப்படி இல்லை. Th-ஐ ஊகித்து, Qc, P கண்டு, Th-ஐத் திருத்தி, மறுபடி கணக்கிட வேண்டும். இரண்டு மூன்று சுற்றில் எண் அசையாமல் நின்றுவிடும்.

அப்படித் திருத்திப் பார்த்தால் 2 ஆம்பியருக்குச் சூடான பக்கம் 38 டிகிரிதான். வேறுபாடு 28 ஆகச் சுருங்குவதால் வாடகையும் 15 வாட்டுக்கு இறங்குகிறது. மிச்சம் கிட்டத்தட்ட 10 வாட், மின்செலவு வெறும் 11 வாட். முதல் சுற்றில் 3 வாட் என்று உதவாக்கரையாகத் தெரிந்த அதே 2 ஆம்பியர்தான் இது.

நேராக 12 வோல்ட்டில் செருகினால்? சூடான பக்கம் 56 டிகிரிக்கு ஏறி, தகடு 4.9 ஆம்பியர் இழுத்து, 59 வாட் தின்று 22 வாட் குளிர் தரும். 6 ஆம்பியருக்குத் தள்ளினால் 65 டிகிரி, 88 வாட் செலவு, குளிர் 21 வாட். ஒரு வாட் குறைந்தேவிட்டது!

இதே கணக்கை மோசமான ஹீட்சிங்குக்குப் போட்டால் விஷயம் இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு வாட்டுக்கு 0.8 டிகிரி ஏறும் சின்ன அலுமினியத் துண்டு, சின்ன ஃபேன். 2 ஆம்பியரில் 5.6 வாட். 3 ஆம்பியரில் 8.1. 4 ஆம்பியரில் 7.6. 5 ஆம்பியரில் 3.8 வாட், சூடான பக்கம் 91 டிகிரி. ஆறைத் தொட்டால் பெட்டி குளிர்வதற்குப் பதில் சூடாகத் தொடங்கும். 'குளிர் போதவில்லை, இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் ஏற்றிப் பார்ப்போம்' என்று செய்பவர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார். அந்த இடத்தில் குமிழைக் குறைக்க வேண்டும். (50 டிகிரிக்கு எடுத்த எண்களை 91 டிகிரிக்கு நீட்டுவது துல்லியமில்லை, திசை மட்டும் மாறாது.)

கையால் சுற்றுச் சுற்றாகக் கணக்கிட அலுப்பாக இருந்தால் இந்தச் சிறு பைதான் நிரல் போதும். sink என்பது வெளி ஹீட்சிங்கின் எண், Ta அறை வெப்பநிலை.

```python
S, R, K = 0.0508, 1.97, 0.537
Ta, Tc, sink = 305, 283, 0.3
for n in range(2, 13):
    I, Th = n / 2, Ta
    for _ in range(50):
        dT = Th - Tc
        Qc = S*Tc*I - I*I*R/2 - K*dT
        P = I * (S*dT + I*R)
        Th = Ta + sink*(Qc + P)
    print(I, round(Th - 273), round(Qc, 1), round(P, 1))
```

நம் பெட்டிக்கு 8 வாட் போதும். 2 ஆம்பியரே அதைத் தாண்டிவிடுகிறது, ஆனால் நான் சொன்ன எட்டில் ஒரு பங்கு பிழைக்கும் வெயில் கூடும் நாளுக்கும் இடம் வேண்டும். 2.5 ஆம்பியர் எடுத்துக்கொள்கிறேன். சூடான பக்கம் 41 டிகிரி, 13 வாட் குளிர், 6.5 வோல்ட், 16 வாட் மின்செலவு. 12 வோல்ட்டில் செருகுவதைவிடக் கால்வாசிச் செலவு.

மின்சாரம் கொடுக்கும் விதம்

2.5 ஆம்பியர் வேண்டும், கையில் இருப்பது 12 வோல்ட் சப்ளை. இங்கே இரண்டு வழிகள் கண்ணில் படும். ஒன்று, துடிப்பாக வெட்டி வெட்டிக் கொடுப்பது: 5 ஆம்பியர் பாதி நேரம், பூஜ்யம் பாதி நேரம். சராசரி 2.5 தானே என்று தோன்றும். வருமானத்துக்கு அது சரி, ஏனென்றால் அது சராசரி மின்னோட்டத்தைப் பார்க்கிறது. மின்சூடு வர்க்கத்தைப் பார்க்கிறது. சீரான 2.5 ஆம்பியரில் குளிர்ந்த பக்கம் வரும் சூடு 6.2 வாட், துடிப்பில் அது இரட்டித்து 12.3 ஆகிறது. 13 வாட் குளிர் 7 வாட்டுக்கு விழுந்துவிடும், கூடுதல் சூட்டால் ஹீட்சிங்க் ஏறுவதைச் சேர்த்தால் அதற்கும் கீழே. எல்.இ.டி. வெளிச்சத்தைக் குறைக்கும் மாட்யூலைப் பெல்டியருக்கு மாட்டியவர்கள் இழப்பது இதைத்தான்.

இரண்டாவது வழிதான் சரி: வோல்டேஜை இறக்கிக் கொடுக்கும் பக் கன்வெர்ட்டர், மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்தும் குமிழ் உள்ளதாக வாங்கி 2.5 ஆம்பியரில் வையுங்கள். அதன் வெளிவரவில் கம்பிச்சுருளும் கெப்பாசிட்டரும் இருப்பதால் மின்னோட்டம் ஏறக்குறைய சீராக வரும்.

தெர்மோஸ்டாட் வைத்து அணைத்து அணைத்துப் போடுவதிலும் இதே போன்ற ஒரு ஓட்டை இருக்கிறது. அணைந்த தகடு ஒரு வெப்பப் பாலம். தகட்டின் K, இரண்டு பக்க ஹீட்சிங்குகள் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், ஃபேன்கள் ஓடும்போது ஒரு டிகிரிக்கு 0.36 வாட் உள்ளே வரும். பெட்டியின் ஆறு சுவர்களும் சேர்ந்து விடுவது 0.35. அணைத்த நேரத்தில் பெட்டிக்கு இன்னொரு பெட்டி அளவுக்கு ஓட்டை போட்டது மாதிரி. அதனால்தான் ஃப்ரிட்ஜ் கம்ப்ரசருக்குப் பொருந்தும் அணை-போடு முறை இங்கே தோற்கிறது. முழுக்க அணைக்காமல் மின்னோட்டத்தைக் குறைத்து வைப்பதே மேல்.

கட்டியபின் கணக்கோடு ஒப்பிடுவது

ஹீட்சிங்க் இல்லாமல் தகட்டுக்குச் சில நொடிகூட மின்சாரம் கொடுக்க வேண்டாம். உள்ளே கட்டைகளைப் பிடித்திருக்கும் பற்றாசு 138 டிகிரியில் உருகும் வகை. பீங்கான் இரண்டு பக்கமும் தெர்மல் பேஸ்ட்டை மெல்லிய படலமாகத் தடவி, திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் பீங்கான் விரிசல் விடும்.

அந்தத் திருகுகளே ஒரு கசிவு என்பதை யாரும் சொல்வதில்லை. 4 மி.மீ. இரும்புத் திருகு நான்கு, இரண்டு ஹீட்சிங்குகளுக்கு நடுவே 2 செ.மீ. நீளம் என்றால், சேர்ந்து டிகிரிக்கு ஏறக்குறைய 0.1 வாட் கடத்தும். 31 டிகிரி வேறுபாட்டில் 3 வாட். நம் தேவையே 8 வாட்! துருப்பிடிக்காத எஃகுத் திருகு இதை மூன்றில் ஒன்றாக்கும். தலைக்கடியில் நைலான் வாஷரும் போடுங்கள். தகட்டின் ஓரத்தில் இரண்டு ஹீட்சிங்குகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும் இடைவெளியில் நுரைப் பட்டை வைத்து அடையுங்கள். அங்கே நீர் கோத்துத் தகட்டுக்குள் புகுவதையும் அது தடுக்கும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. பெட்டி நிலைக்கு வந்தபின், தகட்டுக்குப் போகும் ஒரு கம்பியைச் சட்டென்று கழற்றி, அந்த நொடியே தகட்டின் இரு முனையிலும் வோல்ட்மீட்டரைப் பாருங்கள். மீட்டரை முன்பே இணைத்து வைத்திருங்கள், ஏனென்றால் எண் விறுவிறுவென்று இறங்கும். முதலில் காட்டும் எண் S × வேறுபாடு. அதை 0.0508ஆல் வகுத்தால் கட்டைகளின் இரு முனைகளுக்கும் நடுவே நிஜமாக நிலவும் வேறுபாடு கிடைக்கும். எந்தத் தெர்மாமீட்டராலும் நுழைய முடியாத இடத்து வெப்பநிலை இது. நம் கணக்குப்படி 31 டிகிரி, அதாவது 1.57 வோல்ட் வர வேண்டும்.

2.1 வோல்ட் வருகிறது என்று வையுங்கள். வேறுபாடு 41 டிகிரி. இப்போது இரண்டு ஹீட்சிங்குகளின் அடிப்பகுதியில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். அங்கே 28 டிகிரி மட்டுமே என்றால் 13 டிகிரி பேஸ்ட்டுக்குள் தொலைந்திருக்கிறது. கழற்றி, துடைத்து, மறுபடி பூட்ட வேண்டும். அங்கேயும் 40 என்றால் ஒட்டு நன்றாக இருக்கிறது, வெளி ஹீட்சிங்கோ ஃபேனோதான் போதவில்லை. வோல்டேஜ் 1.4 போலக் குறைவாக வந்தும் பெட்டி குளிரவில்லையென்றால் தகடு வேலை செய்கிறது, ஆனால் வெப்பம் எங்கிருந்தோ உள்ளே வருகிறது. மூடியையும் திருகுகளையும் பாருங்கள்.

குளிரூட்டும் திறனையே அளக்க வேண்டுமென்றால் பெட்டிக்குள் ஒரு 10 ஓம் கம்பிச்சுற்று ரெசிஸ்டரை வைத்து 7 வோல்ட் கொடுங்கள். அது 5 வாட் அடுப்பு. ரெசிஸ்டர் இல்லாமல் 2.5 ஆம்பியரில் பெட்டி 9 முதல் 10 டிகிரி வரை இறங்க வேண்டும், ஏனென்றால் 13 வாட் திறனுக்குத் தேவை 8தான். ரெசிஸ்டரோடு 16 டிகிரிக்கு அருகில் நிற்க வேண்டும். 15இல் நிற்காததற்குக் காரணம், இழுக்கும் வாட் கூடியதும் உள்ஹீட்சிங்கின் சுங்கமும் கூடிவிடுவது. ஒன்றிரண்டு டிகிரி மேலே நின்றால் அது டேட்டாஷீட்டின் தாராளம். ஐந்தாறு டிகிரி மேலே நின்றால் முந்தைய சோதனைக்குத் திரும்புங்கள்.

இதே பெட்டியை 5 டிகிரிக்கு இறக்க முடியுமா என்று அடுத்து எல்லாரும் கேட்பார்கள். தேவை 11 வாட் ஆகிறது. உள்ஹீட்சிங்க் சுங்கத்தைக் கழித்தால் தகட்டின் குளிர்ந்த முகம் மைனஸ் ஒன்றரை டிகிரிக்குப் போக வேண்டும். 3.5 ஆம்பியரில் 32 வாட் செலவழித்து 11 வாட் வருகிறது, அதாவது நூலிழையில். 4 ஆம்பியருக்கு ஏற்றினால் 42 வாட் செலவில் 13 வாட். உள்ஹீட்சிங்க் பூஜ்யத்துக்குக் கீழே போவதால் அதில் உறைபனி பிடித்துக் காற்றோட்டத்தை வேறு அடைக்கும். 5 டிகிரி வேண்டுமென்றால் தகட்டை மாற்றாதீர்கள், சுவரை 6 செ.மீ. ஆக்குங்கள்.